படத்தில் விழாத கல்

பலசரக்குக் கடை வைத்திருக்கும் 52 வயதுக்காரர் ஒருவர், ஒரு கையில் எக்ஸ்-ரே கவரும் மறுகையில் ஸ்கேன் ரிப்போர்ட்டுமாக என் எதிரே உட்கார்ந்தார். இரண்டு மாதத்தில் மூன்று முறை இடப்பக்க விலாவுக்குக் கீழே வலி வந்து சுருட்டிப் போட்டிருக்கிறது. முதல் முறை வந்தபோது வயிற்றுக்கு எக்ஸ்-ரே எடுத்திருக்கிறார்கள். கல் ஏதும் இல்லை என்று ரிப்போர்ட். வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை வேறோர் இடத்தில் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் எடுத்தபோது இடது சிறுநீரகத்தில் 14 மில்லிமீட்டர் கல் இருப்பதாக வந்திருக்கிறது.

"படத்துல ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்காங்க டாக்டர். ரெண்டு மாசத்துல இவ்வளவு பெரிய கல்லு வளந்துடுமா? இல்ல, ஸ்கேன் எடுத்தவங்க தப்பா பாத்துட்டாங்களா?"

இரண்டும் இல்லை. எக்ஸ்-ரே எடுத்த அன்றும் அந்தக் கல் அங்கேதான் இருந்தது. ரிப்போர்ட் எழுதியவரும் பொய் எழுதவில்லை. படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி நானும் பார்த்தேன். சுத்தமான படம், சிறுநீரகத்தின் விளிம்புகூடத் தெரிகிறது, கல் மட்டும் இல்லை. ரிப்போர்ட்டின் வாசகத்தை அவருக்கு மறுபடி படித்துக் காட்டினேன். அதில் "கல் இல்லை" என்று எழுதியிருக்கவில்லை. "ரேடியோ-ஒப்பேக் கால்குலஸ் ஏதும் காணப்படவில்லை" என்றுதான் இருந்தது. எக்ஸ்-ரே கதிரைத் தடுத்து நிறுத்துகிற கல் எதுவும் தெரியவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். கதிரை விட்டுவிடுகிற கல் இருக்கிறதா என்ற கேள்விக்கு அந்தப் படத்திடம் பதிலே கிடையாது.

இந்த அத்தியாயம் அந்த ஒரு வரியைப் பற்றியது.

எந்தக் கல் வெள்ளையாக விழும்

கல்லை "நிழல்" என்று சொல்வது எங்கள் வழக்கம். பழைய பழக்கம் அது. உண்மையில் படத்தில் அது வெள்ளையாகத்தான் இருக்கும். கதிர் தடையில்லாமல் வந்து விழுந்த இடம் கறுக்கும், தடைபட்ட இடம் வெளுக்கும். எலும்பு வெள்ளை, குடலில் உள்ள காற்று கறுப்பு, சதையும் நீரும் நடுவே சாம்பல். கல் தெரிய வேண்டுமானால் தன்னைச் சுற்றியுள்ள சாம்பலைவிட வெளுப்பாக இருக்க வேண்டும். கல் கடினமா மிருதுவா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கல்லுக்குள் என்ன தனிமம் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

குறைந்த ஆற்றல் கொண்ட எக்ஸ்-ரே கதிரை ஓர் அணு எவ்வளவு உறிஞ்சும் என்பது அதன் அணு எண்ணின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறும். எண் இரண்டு மடங்கானால் உறிஞ்சுதல் எட்டு மடங்காகும். நம் சதை பெரும்பாலும் ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றால் ஆனது. சராசரியாக அதன் அணு எண் ஏழரைக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்வார்கள். கால்சியத்தின் எண் 20. கணக்குப் போட்டால் கால்சியம் சதையைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு கதிரை விழுங்கும். எலும்பு வெள்ளையாகத் தெரிவதும் கால்சியக் கல் வெள்ளையாகத் தெரிவதும் ஒரே காரணத்தால்தான்.

சிறுநீரகக் கற்களில் ஐந்தில் நான்குக்குக் கால்சியம் உண்டு. அவற்றிலும் மிகப் பளிச்சென்று தெரிவது கால்சியம் பாஸ்பேட் கல். எலும்பின் தாதுவான அபடைட் வகையில் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் கால்சியம்தான். மிகச் சாதாரணமாகக் காணப்படுகிற கால்சியம் ஆக்சலேட் கல்லில் அது 27 சதவீதம். கொஞ்சம் குறைவுதான்; ஆனாலும் ஓரளவு பெரிய கல்லாக இருந்தால் சந்தேகமில்லாமல் தெரியும்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருக்கிறது யூரிக் அமிலக் கல். கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் தவிர அதில் வேறொன்றும் இல்லை. சதையில் இருப்பதும் அதே நான்கு. கதிருக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கல் எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்திருந்தாலும் அது சுத்தமான யூரிக் அமிலமாக இருந்தால் சாதாரண எக்ஸ்-ரே படத்தில் விழாது. நம் கடைக்காரரின் 14 மில்லிமீட்டர் கல் படத்தில் இல்லாமல் போனதை அளவை வைத்து விளக்க முடியாது. அந்த அளவுள்ள கால்சியக் கல்லைச் சிறுவன்கூடச் சுட்டிக்காட்டிவிடுவான். எனவே படம் காலியாக இருந்ததே இங்கு ஒரு செய்தி.

இந்த இரு முனைகளுக்கும் நடுவில்தான் சிக்கல். சிஸ்டைன் கல் என்று ஒன்று உண்டு. பரம்பரையாக வருவது, சின்ன வயதிலேயே கல் வந்து, அண்ணன் தம்பிக்கும் இருந்தால் அதை நினைக்க வேண்டும். அதில் கால்சியம் கிடையாது. ஆனால் கந்தகம் இருக்கிறது, எடையில் கால் பங்குக்கு மேல். கந்தகத்தின் அணு எண் 16. அதனால் இந்தக் கல் முற்றிலும் மறைந்துவிடுவதில்லை, பளிச்சென்றும் தெரிவதில்லை. உரைத்த கண்ணாடிபோல் சீரான, மங்கிய வெண்மை. விளிம்பு வழவழப்பாக இருக்கும். பெரிதாக இருந்தால் கண்ணில் படும். சின்னதாக இருந்து குடலில் காற்றும் இருந்துவிட்டால் போயிற்று.

கிருமித் தொற்றால் வருகிற ஸ்ட்ருவைட் கல்லின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட், அவற்றோடு நிறைய நீர். அதை மட்டும் வைத்துப் பார்த்தால் மங்கல்தான். ஆனால் அது பெரும்பாலும் தனியாக வளர்வதில்லை, கால்சியம் பாஸ்பேட்டையும் சேர்த்துக்கொண்டே வளர்கிறது. அதோடு சிறுநீரகத்தின் கிளைகளுக்குள்ளெல்லாம் புகுந்து மான்கொம்பு வடிவம் எடுத்துவிடும். அவ்வளவு பெரிய உருவம் மங்கலாக இருந்தாலும் தப்பிக்க முடியாது.

சாந்தைன் கல், சில மருந்துகளே படிந்து உண்டாகும் கல் ஆகியவையும் எக்ஸ்-ரேயில் தெரியாத கூட்டத்தில் சேரும். இவை அரிது. எச்.ஐ.வி.க்குக் கொடுத்துவந்த இண்டினாவிர் என்ற மருந்தால் உண்டான கல் சி.டி. ஸ்கேனிலும் தெரியாமல் டாக்டர்களைத் திணறடித்தது.

தெரிய வேண்டிய கல்லும் தெரியாமல் போவது

பழைய மருத்துவப் புத்தகங்களில் "பத்துக் கல்லில் ஒன்பது எக்ஸ்-ரேயில் தெரியும்" என்று இருக்கும். நாங்களும் அதை மனப்பாடம் செய்துதான் பரீட்சை எழுதினோம். கல்லை வெளியே எடுத்து மேசைமேல் வைத்துப் படம் பிடித்தால் அந்தக் கணக்குச் சரிதான். வயிற்றுக்குள் இருக்கும்போது கதை வேறு. 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், யூரிட்டர் குழாயில் கல் இருப்பது சி.டி.யில் உறுதியானவர்களின் எக்ஸ்-ரே படங்களைப் பார்த்தார்கள். வழக்கம்போல் படத்தை மட்டும் வைத்துப் படித்தபோது கண்டுபிடிக்க முடிந்தது 45 சதவீதக் கற்களை. சி.டி.யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கல் எந்த இடத்தில் என்று தெரிந்த பிறகு தேடியபோதும் 59 சதவீதம்தான். தொண்ணூறுக்கும் இதற்கும் நடுவே இருக்கிற பள்ளத்தை யூரிக் அமிலம் மட்டுமே நிரப்பிவிட முடியாது. அந்தக் கற்கள் அவ்வளவு இல்லை. மீதி எல்லாம் கால்சியம் இருந்தும் தப்பிய கற்கள்.

அவை தப்புவது பெரும்பாலும் அளவாலும் இடத்தாலும். வலி தாங்காமல் ஆளைத் துடிக்கவைக்கும் கல் பெரும்பாலும் 3, 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். பெரிய கல் சிறுநீரகத்திலேயே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும், சின்னதுதான் இறங்கி வந்து குழாயில் மாட்டும். 5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் எக்ஸ்-ரேயை நம்ப முடியாது. அந்தச் சின்னக் கல் இறங்குகிற பாதையோ எலும்புகளின் மேலாகப் போகிறது. யூரிட்டர் குழாய் முதுகெலும்பின் பக்கவாட்டு நீட்சிகளின் நுனிகளைத் தொட்டபடி இறங்கும். பிறகு இடுப்பெலும்பும் சேக்ரம் எலும்பும் சேரும் மூட்டைக் கடக்கும். அப்புறம் வெளிப்பக்கமாக வளைந்து, கடைசியில் உள்ளே திரும்பி மூத்திரப் பையில் சேரும். சேக்ரத்தின் மேல் படிந்த 4 மில்லிமீட்டர் கல்லைக் கண்டுபிடிப்பது வெள்ளைச் சுவரில் சுண்ணாம்புப் பொட்டைத் தேடுவதுதான்.

எலும்பாவது அசையாமல் இருக்கிறது. குடல் அப்படியில்லை. காற்று கறுப்புத் திட்டுகளாகவும், மலம் புள்ளி புள்ளியாகக் கலங்கியும் சிறுநீரகத்தின் முன்னால் வந்து நிற்கும். வலியோடு வருபவர்களுக்குக் குடல் அசைவு குறைந்து காற்று இன்னும் கூடுதலாகத் தேங்கும். ஆக, எந்த நாளில் படம் நன்றாக வர வேண்டுமோ அந்த நாளில்தான் அது மோசமாக வரும். உடம்பு பருத்தவர்களுக்குக் கதிர் உள்ளே சிதறிப் படம் முழுவதும் வெளிறிவிடும்.

படம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது

இந்தப் படத்துக்கு எக்ஸ்-ரே அறையில் கே.யு.பி. என்று பெயர். சிறுநீரகம், யூரிட்டர், பை மூன்றும் ஒரே படத்தில் வர வேண்டும் என்பதைத்தான் அந்த மூன்று எழுத்தும் சொல்கின்றன. மேலே கடைசி விலா எலும்புகளும் கீழே இடுப்பின் முன்பக்கம் இரண்டு எலும்பும் சேரும் இடமும் படத்துக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். உயரமானவர்களுக்குக் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டுப் போவது அடிக்கடி நடக்கும். கல் அதிகமாக மாட்டுவது குழாய் பையில் நுழையும் குறுகல் வாயில். வெட்டுப்பட்ட அந்த இரண்டு அங்குலத்தில்தான் அது இருக்கும். இரண்டாம் படம் எடுக்கச் சொல்லக் கூச்சப்படத் தேவையில்லை.

அவசரமில்லாமல், நாள் குறித்து எடுக்கிற படமானால் முந்தின இரவு ஒரு மலமிளக்கி மாத்திரை போட்டுக்கொள்வதும் காலையில் காலைக்கடனை முடித்துவிட்டு வருவதும் உதவும். வலியோடு ஓடிவந்தவருக்கு இதெல்லாம் வேண்டாம். படம் எடுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். நிரம்பிய பை குழாயின் அடிப்பகுதியை மறைக்கும்.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை. அரைஞாண் கயிற்றில் வெள்ளித் தாயத்து, பாவாடை நாடாவில் செருகிய சேஃப்டி பின், பையில் மறந்துபோன மாத்திரை அட்டை, இவை எல்லாம் படத்தில் வெள்ளையாக விழும். பின்னையும் தாயத்தையும் வடிவத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அரைஞாணில் போட்ட முடிச்சும் கோர்த்த மணியும்தான் ஏமாற்றும். முழுக் கயிற்றையும் கழற்ற மனமில்லாத பாட்டிமார்களிடம், மார்புவரை தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதற்கு யாரும் மறுப்புச் சொன்னதில்லை.

மல்லாந்து படுத்தபின் டெக்னீஷியன் "மூச்சை வெளிய விட்டு அப்படியே நிறுத்துங்க" என்பார். மார்புப் படத்துக்கு மூச்சை உள்ளே இழுக்கச் சொல்வார்கள், இதற்கு நேர்மாறு. மூச்சை விடும்போது வயிறு தட்டையாகிறது, சிறுநீரகம் அசையாமல் நிற்கிறது. சிறுநீரகம் மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஓடுகிற உறுப்பு. நிறுத்தாமல் எடுத்தால் சின்னக் கல்லின் விளிம்பு இழுபட்டு, கல்லே கரைந்ததுபோல் ஆகிவிடும்.

எக்ஸ்-ரே அறையில் படிக்கும் மாணவர்களுக்கு இன்னொன்று. குழாய் மின்னழுத்தத்தை 70 கிலோவோல்ட்டை ஒட்டி வையுங்கள். ஆளைப் பருமனாகப் பார்த்தவுடன் 85, 90 என்று ஏற்றிவிடுவது சுலபம், படமும் கறுப்பாக வந்துவிடும். ஆனால் கால்சியத்துக்கும் சதைக்கும் உள்ள அந்த இருபது மடங்கு வித்தியாசம் குறைந்த ஆற்றலில்தான் முழுதாக வேலை செய்யும். அழுத்தம் ஏற ஏற வித்தியாசம் சுருங்கி, மங்கலான கற்கள் முதலில் காணாமல் போகும்.

கர்ப்பமாக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலே இந்தப் படத்தை எடுக்கக் கூடாது; அல்ட்ராசவுண்டில் தொடங்க வேண்டும்.

கல் அல்லாத வெள்ளைகள்

தெரியாத கல்லால் வருகிற தொல்லைக்குச் சமமாக, கல்லே இல்லாத வெள்ளைப் புள்ளியாலும் தொல்லை வரும். முதலிடம் இடுப்புக்குழிக்குள் தெரிகிற ஃப்ளெபோலித்துகளுக்கு. அங்குள்ள சிரைகளில் பழைய ரத்தக்கட்டு சுண்ணாம்பாகி உருண்டுவிடும்; நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் மிகச் சாதாரணம், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. நல்ல படமானால் அடையாளம் தெரியும்: வட்டமாக, வழவழப்பாக இருக்கும், நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி, மிளகில் ஊசி குத்தியதுபோல். பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும், குழாயின் பாதையைவிட வெளியே ஓரமாகவும் தாழ்வாகவும் நிற்கும். கல்லுக்கு நடுக்கறுப்பு கிடையாது, வடிவமும் இவ்வளவு ஒழுங்காக இராது. ஆனாலும் சில சமயம் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் எக்ஸ்-ரேயை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அப்போது பழைய படம் இருந்தால் அதைப்போல் உதவி வேறில்லை. நான்கு வருடத்துக்கு முன் எடுத்த படத்திலும் அதே புள்ளி அதே இடத்தில் இருந்தால், இன்றைய வலிக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எக்ஸ்-ரே கவரைப் பரணில் போட்டுவைப்பவர்களைக் கேலி செய்யாதீர்கள்.

வலப்பக்கம் மேலே தெரிகிற வெள்ளைக்குப் பித்தப்பைக் கல்லையும் நினைக்க வேண்டும். பித்தக் கற்களில் சிறு பகுதிக்குத்தான் எக்ஸ்-ரேயில் தெரியுமளவு கால்சியம் உண்டு. தெரிந்தால் சிறுநீரகத்தின் மேலேயே விழுந்து குழப்பும். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஒரு படம் எடுத்தால் போதும். சிறுநீரகக் கல் பின்னால் முதுகெலும்பின் மேல் விழும், பித்தக் கல் அதற்கு வெகு முன்னால் நிற்கும்.

மீண்டும் கடைக்காரரிடம்

அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. எடை கூடுதல். இரண்டு வருடத்துக்கு முன் கால் பெருவிரல் சிவந்து வீங்கி ஒரு வாரம் செருப்புப் போட முடியாமல் இருந்ததைக் கேட்டபிறகுதான் சொன்னார். சர்க்கரையும் பருமனும் உள்ளவர்களின் சிறுநீர் அதிகமாக அமிலமாக இருக்கும். அமிலம் கூடினால் யூரிக் அமிலம் கரையாமல் படியும். யூரிக் அமிலக் கல்லுக்குக் காரணம் ரத்தத்தில் அது கூடுவதைவிடச் சிறுநீர் அமிலமாக இருப்பதுதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரத்தத்தில் யூரிக் அமிலம் சரியாக இருந்தும் இந்தக் கல் வருகிறவர்கள் உண்டு.

காலையில் கொண்டுவந்த சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தேன். பிஎச் 5. காய்ச்சல் இல்லை, கிரியாட்டினின் சரியாக இருந்தது, சிறுநீரில் கிருமி இல்லை. இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. கல் அடைத்த சிறுநீரகத்தில் கிருமியும் சேர்ந்து குளிர்காய்ச்சல் வந்துவிட்டால், எந்தக் கல் என்று ஆராய்ந்துகொண்டிருக்க நேரமில்லை. அடைப்பை உடனே திறந்துவிட வேண்டும்; அது மணிக்கணக்கில் முடிவெடுக்கிற விஷயம்.

குறைந்த கதிரில் ஒரு சி.டி. எடுக்கச் சொன்னேன். சாதாரண எக்ஸ்-ரேயில் விழாத யூரிக் அமிலம் சி.டி.யில் மட்டும் விழுவது எப்படி என்று கேட்பார்கள். எக்ஸ்-ரே படத்தில் முன்னால் உள்ள குடலும் பின்னால் உள்ள தசையும் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே பரப்பில் விழுகின்றன. சி.டி. உடம்பைத் துண்டு துண்டாக அளக்கிறது. கல்லை அதைச் சுற்றியுள்ள சிறுநீரோடு மட்டும் ஒப்பிடுகிறது. கரைசலைவிட இறுகிய படிகம் அடர்த்தியானது என்ற சின்ன வித்தியாசமே அதற்குப் போதும். அந்த அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணாகச் சொல்வார்கள். தண்ணீர் பூஜ்யம். யூரிக் அமிலக் கல் பொதுவாக 500-க்குக் கீழே நிற்கும். கால்சியம் ஆக்சலேட் ஆயிரத்தை எட்டும், தாண்டும். இவருக்கு வந்தது 390. கல் இடது சிறுநீரகத்தின் நடுக்கிண்ணத்தில், நீர்த்தேக்கம் லேசாக.

இந்த எண்ணை 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல்லுக்கு நம்பக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சின்னக் கல்லில் சுற்றியுள்ள நீரும் கணக்கில் கலந்து எண்ணைக் குறைத்துவிடும். கால்சியக் கல்லே யூரிக் அமிலம்போல் வேடம் போடும்.

பிஎச் 5, எண் 390, 14 மில்லிமீட்டர் இருந்தும் காலியான எக்ஸ்-ரே. மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டின. அன்று அவரை ஏமாற்றிய அதே படம் இப்போது சாட்சி. இந்தச் சாட்சிக்கு நல்ல மதிப்பும் உண்டு: சிறுநீரகக் கற்களில் மருந்தால் கரைக்க முடிகிற கல் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது யூரிக் அமிலக் கல்தான். சிறுநீரின் அமிலத்தைக் குறைத்து பிஎச் ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவே வைத்தால் அது மெல்லக் கரையும். அதற்குப் பொட்டாசியம் சிட்ரேட் எழுதினோம், கூடவே நிறையத் தண்ணீர். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் பொட்டாசியத்தை ஏற்றும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது ஆபத்தாகலாம். பக்கத்து வீட்டுக்காரர் பாட்டிலை வாங்கிக் குடிக்கிற மருந்தல்ல.

இவருக்குக் கல் கரைகிறதா என்று பார்க்க எக்ஸ்-ரே பயன்படாது. முதலிலேயே தெரியாத கல் மறைந்ததை எப்படி அது சொல்லும்? அல்ட்ராசவுண்டுதான். அதற்குக் கல்லின் ரசாயனம் பற்றிக் கவலையில்லை. ஒலி மோதித் திரும்பினால் போதும். சிறுநீரகத்துக்குள்ளும் பையின் வாயிலும் நன்றாகப் பார்க்கும். நடுக்குழாயில் உள்ள கல்லைக் குடல்காற்று மறைத்துவிடும் என்பது அதன் குறை.

கால்சியக் கல் உள்ளவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். சி.டி.யில் கல் உறுதியானால் அன்றே ஒரு கே.யு.பி. படமும் எடுத்துவைக்கச் சொல்வேன். அதில் கல் தெரிந்தால், இறங்குகிறதா, வெளியேறிவிட்டதா, அதிர்வலை கொடுத்தபின் உடைந்ததா என்பதையெல்லாம் அடுத்தடுத்த எக்ஸ்-ரேயிலேயே பார்த்துக்கொள்ளலாம். கதிரும் குறைவு, ஒரு மில்லிசீவர்ட்டுக்கும் கீழே, சாதாரண சி.டி.யில் அது ஏறக்குறைய பத்து மடங்கு. செலவும் சொற்பம். முதல் நாள் படம் இல்லாமல், ஒரு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்-ரேயில் கல் இல்லை என்றால் அது வெளியேறியதா, எப்போதுமே தெரியாத கல்லா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆறு வாரம் கழித்துக் கடைக்காரர் வந்தார். ஸ்கேனில் 14 மில்லிமீட்டர் 7 ஆகியிருந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த ஆறு வாரம் கழித்து வந்தபோதும் 7-ஆகவே இருந்தது. பட்டையில் பிஎச் எவ்வளவு வருகிறது என்று குறித்துவைக்கச் சொன்ன நோட்டை வாங்கிப் பார்த்தேன். 7.5, 8, 8, 7.5. சீக்கிரம் கரையட்டும் என்று, யாரையும் கேட்காமல் மருந்தை இரண்டு மடங்காகக் குடித்திருக்கிறார்.

"கூட குடிச்சா கூட கரையும்னு நெனச்சேன் டாக்டர்."

சிறுநீர் அந்த அளவுக்குக் காரமாகிவிட்டால் யூரிக் அமிலம் கரையலாம், ஆனால் கால்சியம் பாஸ்பேட் படிய ஆரம்பிக்கும். அது கல்லின் மேலேயே தோல்போல் படிந்துவிட்டால் மருந்து உள்ளே போகாது. இதைச் சோதிக்க முதன்முறையாக அவருக்கு நானே எக்ஸ்-ரே எழுதிக்கொடுத்தேன். இடது சிறுநீரகத்தின் நடுவில், முன்பு ஒன்றுமே இல்லாத இடத்தில், முட்டை ஓடுபோல் மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று விழுந்திருந்தது. பிறகு சிறுநீர்ப்பாதை வழியாகக் குழாய்க் கேமராவை விட்டு லேசரில் உடைத்து எடுத்தார்கள். துண்டுகளை ஆய்வுக்கு அனுப்பினோம். உள்ளே யூரிக் அமிலம், மேலே கால்சியம் பாஸ்பேட் என்று வந்தது.